எட்டு வினா, பன்னிரண்டு நிமிடம்
புலமைப்பரிசில் பரீட்சைக்கு வீட்டில் நடத்தும் சிறு அமர்வு

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் முதலாம் வினாத்தாளில் 40 வினாக்கள் இருக்கும். நேரம் ஒரு மணித்தியாலம். ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடம் என்று வரும். இந்த அத்தியாயத்தில் சொல்லும் திட்டம் முழுவதும் இந்தச் சின்னக் கணக்கிலிருந்துதான் பிறக்கிறது. எட்டு வினாக்களை எடுத்தால் பன்னிரண்டு நிமிடம். பத்து வயதுப் பிள்ளை ஒன்று, விளையாடிக் களைத்து வந்து, முகம் கழுவி, பால்தேத்தண்ணி குடித்துவிட்டு, பன்னிரண்டு நிமிடம் முழுக் கவனத்தோடு இருக்கும். இரண்டு மணித்தியாலம் இருக்காது. இருந்தாலும் பின் ஒன்றரை மணித்தியாலத்தில் உடம்பு மட்டுந்தான் கதிரையில் இருக்கும்.

ஒரு முழு வினாத்தாளைத் திங்கள் தொடக்கம் வெள்ளி வரை ஐந்தாகப் பிரித்தால் நாளுக்கு எட்டு வினாக்கள். ஐந்து நாளில் ஒரு வினாத்தாள் முடிந்துவிடும். ஆனால் வினாத்தாளை முடிப்பது இங்கே நோக்கமல்ல. பிழைத்த வினாவோடு இருந்து கதைப்பதற்கு நேரம் மிச்சம் வர வேண்டும் என்பதற்காகத்தான் எட்டோடு நிறுத்துகிறோம். ஒரே இருப்பில் நாற்பதையும் செய்த பிள்ளைக்குப் பதினைந்து பிழை வந்தால், அந்தப் பதினைந்தையும் யாரும் ஆறுதலாக விளங்கப்படுத்த மாட்டார்கள். சரியான விடையைச் சிவப்புப் பேனாவால் எழுதிவிட்டு அடுத்த வினாத்தாளை எடுப்பார்கள். வீட்டுக்கு வீடு கட்டுக்கட்டாகச் செய்து முடித்த மாதிரி வினாத்தாள்கள் கிடந்தும் புள்ளி நகராமல் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

பரீட்சையின் அமைப்பைப் பெற்றோர் ஒருமுறை சரியாக விளங்கிக்கொள்வது நல்லது. முதலாம் வினாத்தாள் நுண்ணறிவைச் சோதிப்பது. எண் கோலம், உருவக் கோலம், திசை, நாட்காட்டி, உறவுமுறை, கண்ணாடி விம்பம், பொருந்தாததைத் தெரிதல் போன்றவை வரும். இரண்டாம் வினாத்தாளுக்கு ஒரு மணித்தியாலமும் பதினைந்து நிமிடமும். தமிழ், கணிதம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள், ஆங்கிலம், தமிழ்மொழிமூலப் பிள்ளைகளுக்கு இரண்டாம் மொழியான சிங்களம் ஆகியவை அதில் வரும். இரண்டுக்கும் சேர்த்து 200 புள்ளிகள். வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிமூலத்துக்கு மொழிமூலம் மாறும். ஆகவே பக்கத்து மாவட்டத்தில் உள்ள மச்சானின் பிள்ளை எடுத்த புள்ளியோடு உங்கள் பிள்ளையின் புள்ளியை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

இந்தப் பரீட்சை இரண்டு காரியங்களுக்குப் பயன்படுகிறது. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு உதவிப்பணம் கிடைக்கும். வேறு பெரிய பாடசாலையில் தரம் 6இல் சேர வழி கிடைக்கும். இப்போது படிக்கும் பாடசாலையிலேயே மேல் வகுப்புகளும் இருந்து, அங்கேயே தொடர விரும்பினால், பிள்ளையின் படிப்பு இந்தப் புள்ளியால் நின்றுவிடாது. உங்கள் வீட்டுக்கு இதில் எது வேண்டும் என்று முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். உதவிப்பணத்துக்காக எழுதும் பிள்ளைக்கும், கடும் போட்டியுள்ள ஒரு பாடசாலையில் இடம் பிடிக்க எழுதும் பிள்ளைக்கும் தேவைப்படும் புள்ளி ஒன்றல்ல. பல வீடுகளில் இதைப் பற்றிக் கதைக்காமலே, ஏதோ எல்லாவற்றுக்கும் மேலான புள்ளி ஒன்று வேண்டும் என்று பிள்ளையை ஓட்டுகிறார்கள்.

ஒரு நாள் அமர்வு

மொத்தம் இருபத்தைந்து நிமிடம். முதல் மூன்று நிமிடம் பழைய பிழைகளில் ஒன்றிரண்டைத் திரும்பச் செய்தல். அடுத்த பன்னிரண்டு நிமிடம் அன்றைய எட்டு வினாக்கள். மிச்சப் பத்து நிமிடமும் கதைப்பதற்கு. இந்தக் கடைசிப் பத்து நிமிடந்தான் அமர்வின் உயிர். நேரம் இல்லாத நாளில் வினாக்களை நாலாகக் குறையுங்கள்; கதைக்கும் நேரத்தைக் குறைக்காதீர்கள்.

எந்த நேரம் என்பது வீட்டைப் பொறுத்தது. பாடசாலை விட்டு வந்ததும் இருத்தக்கூடாது என்பது மட்டும் உறுதி. சாப்பாடு, சிறு ஓய்வு, வெளியே ஓடித் திரிய ஒரு மணித்தியாலம், அதற்குப் பிறகு. ரியூசனுக்குப் போகும் நாளில் புது வினா எதுவும் வேண்டாம். பழைய பிழைகள் மூன்றை மட்டும் பார்த்துப் பத்து நிமிடத்தில் முடியுங்கள். சனிக்கிழமை அந்த வாரப் பிழைகளைப் புரட்டிப் பார்க்கும் நாள். ஞாயிறு ஒன்றும் இல்லை. ஞாயிறு உண்மையாகவே ஒன்றும் இருக்கக்கூடாது. "சும்மா இரண்டு கணக்கு மட்டும்" என்று தொடங்கினால், எந்த நாளும் தனக்குரிய நாள் இல்லை என்று பிள்ளை விளங்கிக்கொள்ளும்.

மேசையில் மூன்று பொருட்கள் போதும்: வினாத்தாள், பென்சில், ஒரு மணிக்கூடு. மணிக்கூடு முள்ளுள்ளதாக இருந்தால் நல்லது. நேரம் பற்றிய வினாக்கள் வரும்போது அதையே கையில் எடுத்துக் காட்டலாம். கைத்தொலைபேசியில் நேரம் பிடிப்பதைத் தவிருங்கள். அது மேசையில் இருக்கும்வரை பெரியவர்களின் கவனமும் அதில்தான் இருக்கும்.

பிள்ளை வினா செய்யும் பன்னிரண்டு நிமிடமும் நீங்கள் பக்கத்தில் இருக்கலாம், ஆனால் விடைத்தாளைப் பார்க்கக்கூடாது. பெற்றோரின் முகத்தைப் பார்த்தே விடையை மாற்றப் பழகிய பிள்ளைகள் நிறையப் பேர். இரண்டாம் விடையில் பென்சிலை வைத்துவிட்டு அம்மாவைப் பார்க்கும். அம்மாவின் புருவம் அசைந்தால் மூன்றுக்கு நகரும். வீட்டில் எட்டுக்கு எட்டும் சரியாக வரும், பாடசாலைத் தவணைப் பரீட்சையில் வராது. இந்த வித்தியாசத்தைக் கண்டால் காரணம் பெரும்பாலும் இதுதான். மரக்கறி நறுக்கிக்கொண்டோ, உடுப்பு மடித்துக்கொண்டோ இருங்கள். கண்ணும் கையும் வேறு வேலையில் இருக்க வேண்டும்.

பிழையைப் பிரித்துப் பார்த்தல்

பிழைகள் எல்லாம் ஒன்றல்ல. நான்கு வகையாகப் பிரித்தால் போதும். வினாவைத் தவறாக வாசித்தது. முறை தெரியாதது. முறை தெரிந்தும் கை தவறியது. நேரம் போதாமல் விட்டது. ஒவ்வொரு பிழைக்குப் பக்கத்திலும் வா, மு, கை, நே என்று ஓரெழுத்தில் பென்சிலால் குறித்துவிடுங்கள். எந்த வகை என்பதை நீங்கள் ஊகிக்க வேண்டாம்; பிள்ளையிடம் கேளுங்கள். "இதை எப்படிச் செய்தனீ? எனக்குச் சொல்லித் தா" என்று கேட்டால் பிள்ளை சொல்லும்போதே வகை தெரிந்துவிடும். சரியாகச் செய்த வினாக்களிலும் ஒன்றைப் பற்றி இப்படிக் கேளுங்கள். இல்லாவிட்டால் "எப்படிச் செய்தனீ?" என்பதே பிழை என்பதன் மறுபெயராகிவிடும், பிள்ளை வாயைத் திறக்காது.

ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். பெப்ரவரியில் முதன்முறையாக ஒரு கடந்தகால வினாத்தாளை, எட்டெட்டாக ஐந்து நாளில் செய்கிறது. நாற்பதில் 22 சரி, 18 பிழை. வீட்டார் பார்த்தவுடன் சொல்வது, "பாதிதான் தெரியுது, இன்னும் ஒரு வகுப்புக்கு விடுவம்." ஆனால் 18ஐயும் பிரித்தால் படம் வேறாக இருக்கிறது. தவறாக வாசித்தது 6, முறை தெரியாதது 5, கை தவறியது 3, நேரம் போதாமல் விட்டது 4. இந்தப் பிள்ளைக்கு உண்மையில் தெரியாதவை ஐந்தே ஐந்து. அந்த ஐந்திலும் மூன்று நேரக் கணக்கு, இரண்டு அடுக்கிய பெட்டிகளை எண்ணுவது. மேலதிக வகுப்புக்குப் போனால் அங்கே தெரிந்ததையும் சேர்த்து எல்லாவற்றையும் மீண்டும் படிப்பிப்பார்கள். இந்தப் பிள்ளைக்குத் தேவை இரண்டு வாரம் மணிக்கூட்டோடு இருப்பதும், வினாவை வாசிக்கும் பழக்கத்தைத் திருத்துவதுந்தான்.

நேரக் கணக்கில் வந்த பிழையைக் கிட்ட வைத்துப் பார்ப்போம். மு.ப. 8.40க்குப் புறப்பட்ட பேருந்து மு.ப. 11.15க்குப் போய்ச் சேர்ந்தது. பயணத்துக்கு எடுத்த நேரம் என்ன? பிள்ளை 11.15ஐ மேலே எழுதி, 8.40ஐக் கீழே எழுதி, கழித்து, 2.75 என்று எடுத்திருக்கிறது. கழித்தலில் பிழை இல்லை. ரூபாயும் சதமும் கழிப்பதுபோலக் கழித்திருக்கிறது. ஒரு மணித்தியாலத்தில் நூறு நிமிடம் இருப்பதாக அதன் கை எடுத்துக்கொண்டுவிட்டது.

இங்கே "கவனமாகச் செய்" என்று சொல்லிப் பயனில்லை. பிள்ளை கவனமாகத்தான் செய்தது. பேச்சு இப்படிப் போகலாம்:

"என்ன விடை வந்தது, குஞ்சு?"

"ரெண்டு மணித்தியாலம் எழுபத்தைஞ்சு நிமிசம்."

"எழுபத்தைஞ்சு நிமிசம் எண்டா ஒரு மணித்தியாலத்திலும் கூடவோ குறையவோ?"

பிள்ளை கொஞ்சம் யோசிக்கும். "கூட" என்று சொல்லிவிட்டுத் தானே பென்சிலை எடுக்கும். எடுக்காவிட்டால் மணிக்கூட்டைக் கையில் கொடுங்கள். முள்ளை 8.40இல் வைக்கச் சொல்லுங்கள். 9.00க்குப் போக 20 நிமிடம். 9.00இலிருந்து 11.00க்கு இரண்டு மணித்தியாலம். அங்கிருந்து இன்னும் 15 நிமிடம். எல்லாம் சேர்த்து 2 மணித்தியாலம் 35 நிமிடம். கீழே எழுதிக் கழிக்கும் முறையையும் பாடசாலையில் படிப்பித்திருப்பார்கள், அது பிழையல்ல. ஆனால் முழு மணிக்கு ஏறி, அங்கிருந்து எண்ணிப் போகும் வழியில் நூறும் அறுபதும் குழம்ப இடமே இல்லை. அடுத்த நாள் முதல் மூன்று நிமிடத்தில் இதே வினாவை எண்களை மாற்றிக் கொடுங்கள்: 7.50க்குத் தொடங்கி 10.05க்கு முடிந்த கூட்டம். எண்ணை மாற்றாமல் கொடுத்தால் பிள்ளை விடையை நினைவிலிருந்து எழுதிவிடும். முறை வந்ததா இல்லையா என்று உங்களுக்குத் தெரியாது.

அடுக்கிய பெட்டிகளை எண்ணும் வினாவில் பிழைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். படத்தில் தெரியும் பெட்டிகளை மட்டும் பிள்ளை எண்ணும். மேல் பெட்டியைத் தாங்கிக்கொண்டு மறைவில் இருப்பதை எண்ணாது. தீப்பெட்டிகளைக் கொண்டு அதே அடுக்கைக் கட்டச் சொல்லுங்கள். கட்டும்போது கீழே ஒன்று வைக்காமல் மேலே வைக்க முடியாது என்பது கைக்கே தெரிந்துவிடும். கண்ணாடி விம்பத்துக்கு ஒரு சின்ன முகக்கண்ணாடி. திசைக்கு முற்றம்: வடக்கைப் பார்த்து நில், வலப்பக்கம் திரும்பு, இன்னொருமுறை வலப்பக்கம், இப்போது இடப்பக்கம், எந்தத் திசையைப் பார்க்கிறாய்? நின்று திரும்பிய பிள்ளை கிழக்கு என்று சொல்லும். நாலைந்து நாள் உடம்பால் செய்தபின் விரலால் மேசையில் செய்யட்டும்; பிறகு மனதில். நேரே மனதால் செய்யச் சொல்லித் தொடங்குவதால்தான் இந்த வினாக்கள் கடினமாகத் தோன்றுகின்றன.

எண் கோலத்தில் வரும் பிழைக்கு வேறு குணம். 3, 6, 11, 18, 27 என்று போகும் கோலத்தில் அடுத்த எண்ணாக ஒரு பிள்ளை 36 எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். இதை "முறை தெரியாது" என்று குறித்தால் அநியாயம். கடைசி இரண்டு எண்களுக்கும் இடையே 9 கூடியிருப்பதைப் பிள்ளை கண்டிருக்கிறது. அதே ஒன்பதைத் திரும்பக் கூட்டியிருக்கிறது. பாதி வழி வந்துவிட்டது. எண்களுக்குக் கீழே வித்தியாசங்களை எழுதச் சொன்னால் 3, 5, 7, 9 என்று தெரியும். அடுத்தது 11, ஆகவே விடை 38. வித்தியாசத்தைக் கீழே எழுதும் பழக்கம் மட்டும் வந்தால் போதும். பல பிள்ளைகள் மனதாலேயே செய்துவிடப் பார்க்கும், எழுதினால் கெட்டித்தனம் இல்லை என்று நினைக்கும். எழுதுவதை நீங்கள் பாராட்டினால் எழுதும்.

தவறாக வாசித்த ஆறும் இன்னும் இருக்கின்றன. என் அனுபவத்தில் புலமைப்பரிசிலில் புள்ளியைத் தின்பது நுண்ணறிவுக் குறைவல்ல; "அல்லாதது", "பொருந்தாதது", "மிகக் குறைந்தது", "தவறானது" என்ற சொற்கள்தான். பிள்ளை வினாவின் முதல் பாதியை வாசித்ததும் விடைகளுக்குப் போய்விடும். மருந்து மிகச் சாதாரணம்: வினாவில் என்ன கேட்கிறார்கள் என்பதைக் காட்டும் சொல்லுக்குக் கீழே பென்சிலால் கோடு. ஒரு வினாவில் ஒரே ஒரு கோடு. முழு வரிக்கும் கோடு இழுக்கும் பிள்ளை எதைக் கேட்கிறார்கள் என்று இன்னும் தேடவில்லை. ஒரு வாரம் எட்டு வினாக்களிலும் விடை எழுதாமல் கோடு மட்டும் போடும் விளையாட்டாக வைத்துப் பாருங்கள். எட்டுக் கோடும் சரியான இடத்தில் வந்தால் அன்றைய வேலை முடிந்தது.

நேரம் போதாமல் விட்ட நான்கையும் இப்போதைக்குத் தொடவே வேண்டாம். வாசிப்பும் முறையும் சரிவரும்போது அவற்றில் பாதி தானாகவே போய்விடும்.

பிழைக் கொப்பி

ஒரு 80 பக்கக் கொப்பி போதும். ஒரு பக்கத்துக்கு ஒரு பிழை. வினாவை வெட்டி ஒட்டலாம், அல்லது எழுதலாம். கீழே பிள்ளை தன் சொல்லில் ஒரே வரி எழுதட்டும்: "மணித்தியாலத்தில் 60 நிமிசம், 100 இல்லை." ஓரத்தில் திரும்பச் செய்ய வேண்டிய திகதிகள். அடுத்த நாள் ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, ஒரு வாரத்தில் ஒருமுறை, மூன்று வாரத்தில் ஒருமுறை. நான்கு தடவையும் எண்ணை மாற்றிக் கொடுத்துச் சரிவந்தால் அந்தப் பக்கத்தின் மூலையை மடித்துவிடலாம். இடையில் பிழைத்தால் திகதிகள் முதலிலிருந்து தொடங்கும். அதற்குக் கோபமோ முகச்சுளிப்போ வேண்டாம். கொப்பியின் வேலையே மறந்ததைக் காட்டுவதுதான்.

எல்லாப் பிழையையும் இதில் எழுத வேண்டியதில்லை. கை தவறியவற்றை எழுதினால் கொப்பி ஒரு மாதத்தில் நிரம்பிவிடும், உண்மையான பிழைகள் அதில் புதைந்துபோகும். முறை தெரியாதவையும், ஒரே மாதிரி இரண்டாந்தரம் தவறாக வாசித்தவையும் மட்டும் போகட்டும். வாரத்துக்கு மூன்று நான்கு பக்கத்துக்கு மேல் போனால் அந்த வாரம் புது வினாக்களைக் குறைக்க வேண்டும் என்று அர்த்தம்.

இந்தக் கொப்பியை மாமா, பெரியம்மா, பக்கத்து வீட்டார் யாருக்கும் காட்டாதீர்கள். பிள்ளையின் பிழைகள் எல்லாம் திரட்டி எழுதப்பட்ட கொப்பி அது. ஒருமுறை ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்தால் அடுத்த நாள் தொடக்கம் பிழையை மறைக்கத் தொடங்கும்.

இரண்டாம் வினாத்தாளை எப்படி நறுக்குவது

இரண்டாம் வினாத்தாளைச் சம எண்ணிக்கையாகப் பிரிக்க முடியாது. பாடப்படி பிரிக்க வேண்டும். வாரத்தில் மூன்று நாள் முதலாம் வினாத்தாளின் எட்டு வினாக்கள், இரண்டு நாள் இரண்டாம் வினாத்தாளின் ஒரு துண்டு என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் முதலாம் வினாத்தாள் ஒன்று முடிய இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் குறையும். பரவாயில்லை.

தமிழ்ப் பந்தியை வாசித்து விடையளிக்கும் பகுதிக்கு அமர்வு மட்டும் போதாது. தினமும் படுக்கப்போகும் முன் கதைப்புத்தகமோ பத்திரிகையின் சிறுவர் பக்கமோ பத்து நிமிடம் வாசிக்கும் பிள்ளைக்குப் பந்தி ஒரு பாரமாக இருக்காது. அந்த வாசிப்பில் கேள்வி கேட்காதீர்கள். அது படிப்பாக மாறிவிட்டால் வாசிப்பு நின்றுவிடும்.

சிங்களமும் ஆங்கிலமும் பெரும்பாலான வீடுகளில் கடைசி மாதம்வரை தள்ளிப் போடப்படுகின்றன. இவற்றுக்கு அமர்வே தேவையில்லை. பாடப்புத்தகத்தில் உள்ள சொற்களில் நாளுக்கு மூன்றை வாயால் சொல்லி, மறுநாள் திரும்பக் கேட்டாலே ஆறு மாதத்தில் பெரிய சேர்மானம். பாடசாலைக்குப் போகும் வழியில், ஓட்டோவில், சைக்கிளில், இதைச் செய்யலாம். எழுத்துக் கூட்டலை மட்டும் வாரம் ஒருமுறை கொப்பியில் பாருங்கள். சிங்களத்தில் உருவத்தால் நெருங்கிய எழுத்துகளைப் பிள்ளைகள் மாறி எழுதும். அது வாயால் சொல்லும்போது வெளிப்படாது.

சுற்றாடலுக்கு அரசு இலவசமாகத் தரும் பாடப்புத்தகமே முதல் நூல். வழிகாட்டிப் புத்தகங்களின் சுருக்கக் குறிப்புகளை மனப்பாடம் செய்த பிள்ளை, வினாவைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் நின்றுவிடும். வீட்டுக் கிணறு, வேலியில் நிற்கும் கிளுவை, முற்றத்துக்கு வரும் குருவி, மழைக்காலத்துத் தவளை எல்லாவற்றையும் புத்தகத்தின் பாடத்தோடு சேர்த்துக் கதைக்க முடியும். கதைத்தால் போதும்.

தனியார் வெளியிடும் மாதிரி வினாத்தாள்கள் பற்றி ஓர் எச்சரிக்கை. சில மிக நன்றாக இருக்கும். சிலவற்றில் பரீட்சையில் ஒருபோதும் வராத கடின வினாக்களும், இரண்டு விடை பொருந்தும் வினாக்களும், விடைத்தாளே பிழையாக இருப்பதும் உண்டு. பரீட்சைத் திணைக்களத்தின் கடந்தகால வினாத்தாள்கள் தொகுப்பாகப் புத்தகக் கடைகளில் கிடைக்கும். முதலில் அவற்றை முடியுங்கள். கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளின் வினாத்தாள்களைத் தொடாமல் தனியே எடுத்து வையுங்கள். அவை முழு நீள ஓட்டத்துக்குத் தேவைப்படும்.

நீட்டுவது எப்போது

சிறு அமர்வுக்கு ஒரு குறை உண்டு. பன்னிரண்டு நிமிடம் நன்றாகச் செய்யும் பிள்ளை அறுபது நிமிடமும் அப்படியே செய்யும் என்று சொல்ல முடியாது. பரீட்சைக்கு எட்டு வாரம் இருக்கும்போது நீட்டத் தொடங்க வேண்டும். அதுவும் சனிக்கிழமை காலையில் மட்டும். வார நாட்கள் பழையபடியே. முதல் சனிக்கிழமை 13 வினாக்கள், 20 நிமிடம். அடுத்த சனி 20 வினாக்கள், 30 நிமிடம். ஒரு சனி விட்டு, 40 வினாக்கள், 60 நிமிடம். அதற்குப் பிறகு ஒதுக்கி வைத்த வினாத்தாள்களில் இரண்டு தொகுதிகளை, இரண்டு வினாத்தாளும் இடையில் அரை மணித்தியால ஓய்வுமாக, இரண்டு வார இடைவெளியில் செய்தால் போதும்.

முழு வினாத்தாள் செய்யும்போது பிழைகள் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். தாள் முழுக்கச் சிதறிக் கிடந்தால் அது வழமையான பிழை. முதல் இருபத்தைந்தில் இரண்டு, கடைசிப் பதினைந்தில் எட்டு என்று இருந்தால் அறிவுக்குறைவு அல்ல. களைப்பு, அல்லது நடுவில் ஒரு வினாவில் சிக்கி நேரத்தைத் தொலைத்தது. எதுவென்று அறிய, பத்தாம், இருபதாம், முப்பதாம் வினாவை முடிக்கும்போது நேரத்தை ஓரத்தில் குறிக்கச் சொல்லுங்கள். பத்து வினாவுக்குப் பதினைந்து நிமிடம் என்பது அளவு. ஒரு பத்துக்கு இருபத்திரண்டு நிமிடம் போயிருந்தால் அங்கே ஒரு வினா பிள்ளையைப் பிடித்து வைத்திருக்கிறது.

அதற்குப் பழக்கம் இரண்டு சுற்று. வழி தெரியாத வினாவுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போவது. கடைசிவரை போனபின் புள்ளி வைத்தவற்றுக்குத் திரும்புவது. சொல்லிக் கொடுத்தால் வராது, எட்டு வினா அமர்விலேயே பழக்க வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குத்தான் இது கடினம். விட்டுவிட்டுப் போவதைத் தோல்வியாக எடுத்துக்கொள்வார்கள். "எட்டில ரெண்டுக்குக் கட்டாயம் புள்ளி வைக்க வேணும்" என்று ஒரு வாரம் விதியாக வைத்துப் பாருங்கள். விட்டுப் போவது வேலையின் பகுதியாகிவிடும்.

பிள்ளைக்குப் பாரமாகிறது என்பதற்கு அடையாளங்கள் உண்டு. அமர்வு நேரம் வரும்போது மட்டும் வயிற்றுவலி. அழித்து அழித்துத் தாள் கிழிதல். வினாவை வாசிக்காமலே விடையில் அடையாளம் இடுதல். நித்திரையில் புலம்பல், காலையில் எழும்ப மறுத்தல். இவற்றில் எதுவும் ஒரு வாரம் தொடர்ந்தால் எட்டை நாலாக்குங்கள், பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த வகை வினாக்களை மட்டும் கொடுங்கள். மூன்று நாள் முற்றாக விட்டாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. வயிற்றுவலியும் நித்திரைக் குழப்பமும் அதற்குப் பிறகும் நிற்காவிட்டால் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

கடைசிப் பத்து நாள்

பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முன், பரீட்சைத் திணைக்களம் அறிவிக்கும் நாளிலிருந்து, புலமைப்பரிசிலுக்கான தனியார் வகுப்புகளும் கருத்தரங்குகளும் மாதிரி வினாத்தாள் விநியோகமும் தடைசெய்யப்படும். வீட்டிலும் அந்த நாளில் புது வினாவை நிறுத்துங்கள். பிழைக் கொப்பியில் மடிக்காத பக்கங்கள் மட்டும், நாளுக்கு நாலைந்து. நித்திரை நேரத்தை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். "நிச்சயம் வரும்" என்று கைமாறித் திரியும் வினாக்களை வாங்கி வராதீர்கள்.

எந்த வினாத்தாள் முதலில் வரும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கிறது. அந்த ஆண்டுக்குரிய நேரசூசியைப் பார்த்து, கடைசி முழு ஓட்டத்தை அதே ஒழுங்கில் செய்யுங்கள். அனுமதி பற்றிய விபரங்களைப் பாடசாலையிடம் இரண்டு நாள் முன்பே உறுதிப்படுத்துங்கள். பரீட்சை நிலையம் வேறு பாடசாலை என்றால் ஒருமுறை கூட்டிக்கொண்டுபோய், வாசலையும் மலசலகூடத்தையும் காட்டிவிட்டு வாருங்கள். தெரியாத இடத்தில் மலசலகூடம் எங்கே என்று கேட்க வெட்கப்பட்டு, ஒரு மணித்தியாலம் அடக்கிக்கொண்டு எழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பையில் சீவிய பென்சில் மூன்று, எழுதிப் பழகிய பேனா இரண்டு, அழிறப்பர், தண்ணீர், இடைவேளைக்கு வழக்கமாகச் சாப்பிடும் ஏதாவது. புதுப் பேனா, புதுச் சப்பாத்து, புதுச் சாப்பாடு எதுவும் அன்று வேண்டாம்.

பரீட்சை முடிந்து வெளியே வரும்போது வாசலில் மற்றப் பெற்றோர் வினாத்தாளை வாங்கி விடை பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்துவிடுங்கள். அன்றைக்கு விடை பார்ப்பதால் ஒரு புள்ளியும் கூடாது. பிழைக் கொப்பியை எறிந்துவிட வேண்டாம், தட்டில் வையுங்கள். நேரம், பின்னம், அளவைகள் எல்லாம் தரம் 6இலும் வரும். மடிக்காமல் விட்ட பக்கங்கள் அப்போது உதவும்.